நங்கநல்லூர் அடுக்ககக் கச்சேரி: மைசூரிலிருந்து வரும் பாடகருக்கான உபசாரமும் சவுண்ட் செக் நேரமும்

நங்கை_செயலர்
வணக்கம். எங்கள் அடுக்ககச் சங்கம் சார்பில் வரும் சனிக்கிழமை மாலை 6.30-க்குக் கச்சேரி. கம்யூனிட்டி ஹால்தான், 120 நாற்காலி போடலாம். பாடுபவர் மைசூரிலிருந்து வருகிறார், கூட ஒரு மாணவி தம்புராவுக்கு. வயலினும் மிருதங்கமும் சென்னைக்காரர்கள். சவுண்ட் வாடகைக்கு எடுக்கிறோம். என் திட்டம் இது:

மதியம் 1 மணிக்கு சென்ட்ரலில் வரவேற்பு. 2 மணிக்குச் சாப்பாடு, பிறகு கெஸ்ட் ரூமில் ஓய்வு. 5 மணிக்கு சவுண்ட்காரர் வருவார். 5.30-க்கு பஜ்ஜி, கேசரி, காபி. 6 மணிக்கு சவுண்ட் செக். 6.30-க்குக் கச்சேரி. ஏசியை 6.15-க்குப் போடலாம் என்று கமிட்டியில் முடிவு, கரண்ட் பில் காரணமாக.

இதில் எங்கே இடிக்கும்?

மேடைப்பக்கம்
ஏறக்குறைய எல்லா இடத்திலும் இடிக்கும் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். 6 மணிக்கு சவுண்ட் செக் வைத்தால் முதல் வரிசை மாமாக்கள் 5.50-க்கே வந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் பாடகர் "எனக்குக் கேக்க வெச்ச மானிட்டர் ஸ்பீக்கர்ல என் குரல் கேக்கலை" என்று சொல்லத் தயங்குவார். சொல்லாமல் விட்டதெல்லாம் கச்சேரி நடுவில் கைஜாடையாக வரும்.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 6 மணிக்குக் கதவு திறக்கவேண்டும். அதற்கு முன் கலைஞர்களுக்கு முக்கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். ஆக 5.15-க்கு சவுண்ட் செக் முடியணும். நால்வருக்கு அரை மணி போதும் என்பார்கள், 45 நிமிடம் ஒதுக்குங்கள். அப்படியானால் 4.30-க்குக் கலைஞர்கள் மேடையில். அதற்கு முன்னாலேயே சவுண்ட்காரர் எல்லா லைனும் வேலை செய்கிறதா என்று தானே பார்த்து முடித்திருக்க வேண்டும். கேபிள் பழுது தேடும் நேரத்தில் பாடகரை உட்கார வைக்கக்கூடாது. எனவே அவர் 3 மணிக்கு வந்து இறக்கணும்.

ஏசியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், அதுதான் பெரிய விஷயம்.

ராகமாலிகா_70
ஏசியே வேண்டாம் என்பேன். பாடகருக்குத் தொண்டை கட்டிவிடும். ஜன்னலைத் திறந்து நாலு ஃபேன் போட்டால் ஆயிற்று. அந்தக்காலத்தில் சபாக்களில் என்ன ஏசியா இருந்தது?

மேடைப்பக்கம்
தொண்டை விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரிதான் மேடம். குளிர்காற்று முகத்தில் அடித்தால் பாடுகிறவர்களுக்கு ஆகாது. ஆனால் நங்கநல்லூரில் ஜன்னலைத் திறந்தால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானமும் சேர்ந்து பாடும். ஃபேன் காற்று மைக்கில் நேராகப் பட்டால் 'புஸ்புஸ்' என்று கேட்கும். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் சிலது ஸ்பீக்கரில் ரீங்காரமும் கொடுக்கும்.

அதைவிட முக்கியம் மிருதங்கம். சுருதி சேர்க்கும் முகமான வலந்தலை தோல்தானே. சென்னைக் காற்றின் ஈரத்தில் தோல் தளரும், சுருதி இறங்கும். ஏசி ஈரத்தை எடுத்துவிடுவதால் தோல் இறுகி சுருதி ஏறும். செயலர் திட்டப்படி 6 மணிக்குப் புழுக்கத்தில் சேர்த்துவிட்டு 6.15-க்கு ஏசி போட்டால், முதலில் பாடும் வர்ணம் முடிவதற்குள் மிருதங்கம் தம்புராவோடு ஒட்டாது. வித்வான் பாட்டுக்குப் பாட்டு கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிக்கொண்டே இருப்பார். பார்ப்பவர்களுக்கு அது என்னவோ சடங்கு மாதிரி தெரியும். உண்மையில் அது கமிட்டி மிச்சம் பிடித்த கரண்ட் பில்.

3.45-க்கு ஏசியைப் போடுங்கள், 25 டிகிரி. அதன்பின் கச்சேரி முடியும்வரை ரிமோட்டை யாரும் தொடவேண்டாம். மேடைக்கு நேராக இருக்கும் ஏசியின் மடலை மேல்நோக்கித் திருப்புங்கள், அல்லது அதை மட்டும் அணைத்துவிட்டு மற்றவற்றை ஓடவிடுங்கள். 120 பேர் உள்ளே வந்ததும் எப்படியும் சற்று மாறும். அதனால் 6.10-க்கு மிருதங்கக்காரர் மேடைக்கு வந்து மறுபடி சேர்த்துக்கொள்ள வழி விடுங்கள். அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு ஓடக்கூடாது.

கேபிள்மணி
நான் சவுண்ட் பக்கம். அண்ணன் சொன்ன 3 மணி கரெக்ட். வாடகை பேசும்போதே "3 மணிக்கு இறக்கணும், 4-க்கு லைன் செக் முடிஞ்சிருக்கணும்"னு வாட்ஸப்ல எழுத்துல வாங்கிடுங்க. சனிக்கிழமை ஒரே ஆள் ரெண்டு இடம் ஒத்துக்கிட்டிருப்பார்.

சின்ன ஹாலுக்கு இவ்வளவு போதும்: குரல் 1, வயலின் 1, மிருதங்கம் 2, தம்புரா 1, அறிவிப்புக்குக் கார்ட்லெஸ் 1. ஆறு லைன், எட்டு சேனல் மிக்ஸர். வெளியே ரெண்டு ஸ்பீக்கர், மேடையில ரெண்டு மானிட்டர். எல்லாரும் தரையில உக்காருவாங்க, அதனால குட்டை ஸ்டாண்ட் அஞ்சு கேளுங்க. இதை எல்லாரும் மறப்பாங்க. நின்னு பேசுற ஸ்டாண்டைக் கொண்டாந்து கீழே சாய்ச்சு வெச்சா அது பாடகர் முகத்தை மறைக்கும், பாதிப் பாட்டுல தலையும் தொங்கும்.

டிஜே_வேளச்சேரி
ப்ரோ, நல்லா எக்கோ வெச்சா வாய்ஸ் சூப்பரா நிக்கும். சப் வூஃபர் ரெண்டு போட்டா மிருதங்கம் நெஞ்சுல அடிக்கும். ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அப்படித்தான் செய்வோம்.

கேபிள்மணி
தம்பி, இது ஆர்க்கெஸ்ட்ரா இல்லை. டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், ஹாலே ஏற்கெனவே எக்கோ கொடுக்குது. அதுக்கு மேல நீ போட்டா வேகமான ஸ்வரம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சப் வேண்டவே வேண்டாம், மிருதங்கத்தோட கனத்த முகம் தொப்பி, அந்தச் சத்தம் ஹால் முழுக்க கும்முனு உருளும்.

செயலர் சார், மேடைக்குப் பின்னாடி துணித் திரை ரெண்டு அடுக்கு தொங்கவிடுங்க. ஜன்னல் திரையை இழுத்து மூடிடுங்க. அதுவே பாதி வேலை.

நங்கை_செயலர்
நன்றி. திரை இருக்கிறது. மேடை என்று தனியாக இல்லை, மரப்பலகை மேடை வாடகைக்கு எடுக்கிறோம், 12க்கு 8 அடி, ஒரு அடி உயரம். நால்வருக்குப் போதுமா?

தம்புராவும்_தாளமும்
போதும், ஆனால் இறுக்கம். தம்புரா பாடகருக்குப் பின்னால் வரும் என்பதால் ஆழத்தில் 8 அடிக்குக் குறையக்கூடாது. முடிந்தால் இன்னொரு பலகை சேர்த்து 12க்கு 12 ஆக்குங்கள். மேலே தடித்த ஜமக்காளம் விரியுங்கள். அதை விரிப்பதற்கு முன் நாலு மூலையிலும் ஏறி நடந்து பாருங்கள். பலகை கிறீச்சிட்டால் இடுக்கில் அட்டைத் துண்டு செருகலாம். ஸ்டாண்ட் அடியில் ரப்பர் பாய் வைக்கவேண்டும், இல்லையென்றால் பாடகர் தொடையில் தாளம் போடுவது மரத்தின் வழியாக மைக்கில் 'டொம் டொம்' என்று ஏறும்.

இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள், இன்றைக்கே. ஒன்று, பாடகரின் சுருதி என்ன? அதை மிருதங்கக்காரரிடம் சொன்னீர்களா? ஐந்தரைக் கட்டைக்கு ஒருவர் பாட, இவர் ஒன்றரைக்கான தக்கு சுருதி மிருதங்கத்தோடு வந்து இறங்கினால் அந்த வாத்தியத்தை அவ்வளவு தூரம் ஏற்றவே முடியாது. ஒன்றிரண்டு கட்டை வித்தியாசம்கூடச் சங்கடம். பயணத்தில் தொண்டை சரியில்லை என்று பாடகர் அரைக்கட்டை இறக்குவதும் உண்டு. சனிக்கிழமை காலை ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு மிருதங்கம், வயலின் இருவருக்கும் சொல்லுங்கள்.

இரண்டு, மிருதங்கக்காரர் வலக்கையா, இடக்கையா? வலக்கைக்காரர் என்றால் பாடகரின் வலப்பக்கம் உட்காருவார், அப்போதுதான் வலந்தலை சபையைப் பார்க்கும். வயலின் பாடகரின் இடப்பக்கம். இடக்கைக்காரர் என்றால் இருவரும் இடம் மாறவேண்டும். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அவர் வாசித்த கச்சேரிப் படங்களில் இந்த மாற்றத்தைப் பார்க்கலாம். கேபிள் இழுப்பதற்கு முன் தெரிந்தால் நல்லது.

நங்கை_செயலர்
சுருதி ஐந்தரை என்றார்கள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போதே போன் செய்கிறேன். கை விஷயம் தெரியாது, கேட்கிறேன்.

கடம்_ரசிகன்
கடமும் சேர்த்தால் களை கட்டுமே? கடைசி நேரத்தில் ஒருவரைக் கூப்பிடலாமே.

தம்புராவும்_தாளமும்
கடம் சுட்ட மண். மிருதங்கம்போல் ஏற்றி இறக்கமுடியாது. உள்ளே கொஞ்சம் களிமண் அப்பிச் சற்று இறக்குவார்கள், அவ்வளவுதான். ஐந்தரைக்கான பானை அவரிடம் இருக்கவேண்டும். பலகை 12க்கு 8 என்றால் இடமும் கிடையாது. பாடகரைக் கேட்காமல் பக்கவாத்தியம் சேர்ப்பது மரியாதையும் இல்லை.

வீணைவீடு
எங்கள் காலனியில் வீணைக் கச்சேரி வைத்தபோது மைக் வைத்ததும் ஒரே கூச்சல். கடைசியில் ஒட்டும் மைக் போட்டோம், சரியானது. நீங்களும் எல்லாவற்றுக்கும் ஒட்டும் மைக் கேளுங்கள்.

கேபிள்மணி
வீணைக்குச் சரி மேடம், அது சன்னமான சத்தம். மிருதங்கத்துக்கு ஒட்டுற மைக் போட்டா தகர டப்பா மாதிரி கேக்கும். வயலினுக்கு அவரே கொண்டுவந்தா போடலாம், நாம கட்டாயப்படுத்தக்கூடாது. கேட்டுக்கிட்டு ஒரு லைன் ரெடியா வெச்சா போதும்.

கூச்சல் ஏன் வருதுன்னா, பெரும்பாலும் மானிட்டர் வெச்ச இடம் தப்பு. குரல் மைக் பின்பக்கம் காது கேக்காது. அதனால மானிட்டர் மைக்கோட முதுகைப் பாக்கிற மாதிரி, அதாவது பாடகருக்கு நேர் எதிரே வரணும். பக்கவாட்டுல வெச்சா கத்தும். வெளி ஸ்பீக்கர் ரெண்டும் மேடை விளிம்புக்கு முன்னாடி நிக்கணும், பின்னாடி இல்லை.

சவுண்ட் செக்ல எங்க வழக்கம் இப்படி. முதல்ல மானிட்டர், அப்புறம்தான் வெளி ஸ்பீக்கர். மானிட்டர்ல முதல்ல தம்புராவை ஏத்துவோம். அவங்களுக்கு அது தெளிவா கேட்டதும் குரல். அதுக்கப்புறம் கொஞ்சம் வயலின். மிருதங்கத்தைப் பாடகர் மானிட்டர்ல போடவே மாட்டேன், ரெண்டு அடி தள்ளி ஒக்காந்து வாசிக்கிறாரு, அவங்களுக்கு எதுக்கு? ரெண்டாவது மானிட்டர் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் நடுவுல, அதுல குரல்தான் தூக்கல்.

"ஹலோ மைக் டெஸ்டிங்"ல லெவல் வைக்காதீங்க. மேல் ஸ்தாயில ஒரு அனுபல்லவி பாடச் சொல்லுங்க. அப்பவும் அவங்க குரலைச் சேமிச்சுத்தான் பாடுவாங்க. கச்சேரில சூடு பிடிச்சதும் இதைவிட ஏறும். அதனால சிவப்பு லைட்டுக்கு ரொம்பக் கீழேயே நிறுத்துவேன். வெறும் ஹால்ல கணீர்னு கேட்டா உடனே ட்ரெபிளை வெட்டிடாதீங்க. 120 பேர் உட்கார்ந்ததும் அவங்க உடம்பும் துணியுமே அதைக் குடிச்சிடும், அப்புறம் சாகித்யம் கம்பளி போத்தின மாதிரி கேக்கும். மீதிச் சரிசெய்யலை வர்ணத்துலயே முடிச்சிடணும். அதுக்கு மிக்ஸர் ஹாலுக்குள்ள, ஜனங்க நடுவுல இருக்கணும். பக்கத்து ரூம்ல வெச்சா நான் என்னத்தைக் கேக்குறது?

இன்னொண்ணு. உங்க ஜெனரேட்டர் எடுக்க எத்தனை செகண்ட் ஆகும்? டிஜிட்டல் மிக்ஸர்னா கரண்ட் போனா மறுபடி எழுந்துக்க நேரம் எடுக்கும். ஒரு சின்ன யுபிஎஸ் மிக்ஸருக்கு மட்டும் போடுங்க. தம்புரா பெட்டிக்கும் மிக்ஸருக்கும் ஒரே லைன்ல கரண்ட் எடுங்க. வேற வேற பிளக்னா 'ம்ம்ம்'னு இரைச்சல் வர வாய்ப்பு உண்டு.

மைக்வேண்டாம்
120 பேர், முப்பதுக்கு நாற்பது அடி ஹால் இருக்குமா? இதற்கு எதற்கு இத்தனை சாமான்? மைக்கே இல்லாமல் வைத்துப் பாருங்கள். மிருதங்கத்துக்கு இரண்டு மைக் என்பது அநியாயம்.

கேபிள்மணி
மைக் இல்லாம நல்லாத்தான் இருக்கும், ஏசி ஓசை இல்லாத ஹாலா இருந்தா. இங்க நாலு ஏசி, தலைக்கு மேல விமானம், கடைசி வரிசையில குழந்தைங்க. தம்புராவே கேக்காது. மிருதங்கத்துக்கு ஒரே மைக்கும் போடலாம், அப்போ தொப்பி அடங்கித்தான் கேக்கும். சிலருக்கு அது பிடிக்கும்.

மைக்வேண்டாம்
எனக்கு அதுதான் பிடிக்கும். வித்வான் தானே இரண்டு கையையும் சமப்படுத்தி வாசிக்கிறார். நீங்கள் இரண்டு குமிழைத் திருகி அதை மாற்றுகிறீர்கள்.

தம்புராவும்_தாளமும்
இரண்டு பேரும் சவுண்ட் செக்கில் மிருதங்கக்காரரையே கேட்டுவிடுங்கள். இரண்டு லைன் இழுத்து வைத்தால் ஒன்றை அணைப்பது சுலபம்.

சமையல்கட்டு_கமலா
யாருமே சாப்பாடு பக்கம் வரவில்லையே. 5.30-க்கு பஜ்ஜி கேசரியா? எண்ணெய்ப் பலகாரமும் நெய்யும் இனிப்பும் தின்றுவிட்டு ஒரு மணி நேரத்தில் ஐந்தரைக் கட்டையில் மேல் பஞ்சமம் பிடிக்கச் சொல்கிறீர்களா? ஏப்பம்தான் வரும். பலர் கச்சேரிக்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் கனமாக எதுவும் தொடமாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டை 2 மணிக்கு மேல் போகவிடாதீர்கள். ரசம், ஒரு கூட்டு, பீன்ஸ் பொரியல், மோர் போதும். வெங்காயம் பூண்டு சேர்ப்பாரா, தயிர் ஆகுமா என்று முந்தின நாளே கேளுங்கள். சிலர் பாடும் நாளில் பால், தயிர் கிட்டப் போகமாட்டார்கள், சிலருக்குத் தயிர்சாதம் இல்லாமல் முடியாது. நாமாக முடிவு பண்ணக்கூடாது. சாயங்காலம் சவுண்ட் செக் முடிந்ததும் 5.20-க்கு ஆளுக்கு இரண்டு இட்லி அல்லது கொஞ்சம் ரவா உப்புமா, எண்ணெய் குறைவாக. டிகாக்ஷனும் பாலும் தனித்தனி ஃபிளாஸ்கில் இருந்தால் வேண்டியவர் வேண்டியபடி கலந்துகொள்வார். பஜ்ஜி கேசரியைச் சபைக்கு, இடைவேளை இல்லை என்றால் கச்சேரி முடிந்து.

மேடைக்கு: அரை லிட்டர் ஃபிளாஸ்க் இரண்டு, வாய் பொறுக்கும் வெதுவெதுப்பு. கொதிக்கக் கொதிக்க ஊற்றி வைத்தால் முதல் ஒரு மணி நேரம் குடிக்கவே முடியாது. எவர்சில்வர் டம்ளர், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், நசுங்கும் சத்தம் மைக்கில் விழும். மிருதங்கக்காரருக்குக் குடிநீரைத் தவிர ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரும் பழைய துணியும் வையுங்கள். தொப்பியில் ரவை அப்பப் பிசைவார், முடிந்ததும் வழித்தெடுத்துக் கை துடைக்கணும். ரவை அவரே கொண்டுவருவார். அது இல்லாமல் நம் சமையல்கட்டுக்கு ஓடிவந்தாலும் ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருங்கள்.

இன்னொன்று, தம்புரா போடும் பெண்ணையும் சாப்பாட்டுக் கணக்கில் சேருங்கள். அவளை நிறைய இடத்தில் விட்டுவிடுகிறார்கள். சம்பாவனைக் கவரிலும்தான்.

நங்கை_செயலர்
கமலா மாமி, மெனு மாற்றிவிட்டேன். கவர் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே தகராறு. மேடையில் பொன்னாடையோடு கொடுப்பதா, உள்ளே கொடுப்பதா?

சமையல்கட்டு_கமலா
பொன்னாடை மேடையில். பணம் உள்ளே, நாலு தனிக் கவரில், பெயர் எழுதி. பக்கவாத்தியக்காரர்கள் சாப்பிடாமல் கிளம்புவதும் உண்டு, அதனால் கவர் கையில் தயாராக இருக்கட்டும்.

ராகமாலிகா_70
மேடையிலேயே கொடுப்பதுதான் கௌரவம் என்று நினைக்கிறவர்களும் உண்டு.

மேடைப்பக்கம்
பயணத்தைப் பார்ப்போம். தம்புரா எடுத்து வருகிறாரா? நிஜத் தம்புரா என்றால் சின்னக் காரில் டிரைவரோடு மூன்று பேரும் பெட்டிகளும் ஏறினால் அது எங்கே படுக்கும்? பின்சீட்டு மடியும் பெரிய கார் பிடியுங்கள், குடத்தின் மேல் பெட்டியை அடுக்க விடாதீர்கள். மெட்ரோவில் சென்ட்ரலிலிருந்து நங்கநல்லூர் ரோடு வரை நேரே வரலாம்தான், ஆனால் பெட்டி, தம்புராவோடு வேண்டாம்.

சனிக்கிழமை என்பதை மறக்காதீர்கள். ஆஞ்சநேயர் கோயில் பக்கம் சாயங்காலம் கார் நகராது. வயலின், மிருதங்கம் இருவருக்கும் எந்தத் தெரு வழியாக உள்ளே வரவேண்டும் என்று லொகேஷனோடு அனுப்புங்கள். வாசலில் கார் நிறுத்த ஓர் இடம் காலி வைக்கச் சொல்லுங்கள். வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து நடக்கவிட்டால் அவர் சவுண்ட் செக்குக்கு வேர்த்துப்போய்த்தான் வருவார்.

உடை மாற்ற அறை கொடுங்கள், உள்தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்த்து. கண்ணாடி, ஊக்கு, ஒரு பாய். சங்க அலுவலகத்தைக் கொடுக்காதீர்கள், யாராவது பராமரிப்பு ரசீது கேட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

நங்கை_செயலர்
நிஜத் தம்புரா இல்லை, எலக்ட்ரானிக் தம்புராப் பெட்டிதான், மாணவி போனிலும் வைத்திருக்கிறாராம். இப்போதைய திட்டம்: 3-க்கு சவுண்ட், 3.45 ஏசி, 4-க்கு லைன் செக், 4.30 கலைஞர்கள், 5.20 டிபன், 6-க்குக் கதவு, 6.10 மிருதங்கம் சேர்ப்பு, 6.30 ஆரம்பம். 8.30-க்கு முடித்துவிடுவார். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதிக்கு நிறைய இடைவெளி இருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் கடிதம் கொடுத்தாயிற்று.

தம்புராவும்_தாளமும்
போன் தம்புரா என்றால் ஏரோப்ளேன் மோடில் போடச் சொல்லுங்கள். ஆலாபனை நடுவில் யாராவது அழைத்தால் சுருதி நின்று ரிங்டோன் ஸ்பீக்கரில் வரும். சார்ஜும் நிறைய இருக்கட்டும், சார்ஜரைச் செருகிக்கொண்டே ஓட்டினால் சில போனில் இரைச்சல் கேட்கும். பெட்டியையே முதலில் வைத்துக்கொள்ளுங்கள்.

நங்கை_செயலர்
மிருதங்கக்காரரிடம் பேசிவிட்டேன். ஐந்தரை என்றதும் "நல்லவேளை சொன்னீங்க, வேற வாத்தியம் எடுத்துவெச்சிருந்தேன்" என்றார். கையைப் பற்றிக் கேட்டேன். இடக்கைக்காரராம்.

கேபிள்மணி
அப்போ மிருதங்க லைன் ரெண்டும் பாடகரோட இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். ரெண்டாவது மானிட்டரையும் அதுக்கேத்த மாதிரி திருப்பி வெக்கணும். உங்க சவுண்ட்காரருக்கு இப்பவே மெசேஜ் போடுங்க, சனிக்கிழமை 4 மணிக்குச் சொல்லாதீங்க. டேப் எல்லாம் ஒட்டி முடிச்சிருப்பார்.